ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர்: எண்ணெயை நிறுத்துவதா, எடையைக் குறைப்பதா?

"வயது 42, ஆண். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. வருடாந்திர செக்கப்பில் வயிற்று ஸ்கேன் எடுத்தபோது கிரேடு 2 ஃபேட்டி லிவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எடை 84 கிலோ, உயரம் 170 செ.மீ. எஸ்ஜிபிடி 58, எஸ்ஜிஓடி 36, பிளேட்லெட் 2,40,000. சுகர் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, வேறு மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. பயந்துபோய் எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டேன். காலையில் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பெரிய டம்ளர் பழச்சாறு குடிக்கிறேன். இது சரியா? சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் எதை மாற்றினால் நிஜமாகவே பலன் இருக்கும்?"

எண்ணெயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், பழச்சாற்றை நிறுத்துங்கள். நீங்கள் செய்த இரண்டு மாற்றங்களில் ஒன்று தேவையில்லாதது, மற்றொன்று எதிர்த்திசையில் போவது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகக் கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கிறேன். இந்த ஸ்கேன் தாளோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கணக்கை யாரும் போட்டுச் சொல்லியிருப்பதில்லை.

முதலில் அந்த "கிரேடு 2". ஸ்கேன் எடுப்பவர் கல்லீரலையும் பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறார். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். லேசான வெளுப்பு என்றால் கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் விளிம்பு மங்கத் தொடங்கினால் 2. பின்னால் இருக்கும் உதரவிதானமே சரியாகத் தெரியாத அளவுக்கு வெளுத்துப்போனால் 3. இதெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. அதே கல்லீரலை இன்னொருவர் வேறொரு மிஷினில் பார்த்து கிரேடு 1 என்று எழுதினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இதைவிட முக்கியமான விஷயம், இந்த கிரேடு கொழுப்பின் அளவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பிற்காலத்தில் சிரோசிஸ் வரை போகப்போவது யார் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்தத் தழும்புதான். கிரேடு 3 இருந்தும் தழும்பே இல்லாதவர்கள் உண்டு. கிரேடு 1 என்று எழுதியிருந்தும் தழும்பு நன்றாக முற்றியவர்களும் உண்டு.

தழும்பை மதிப்பிட முதல் படியாக ஃபிப்-4 என்ற கணக்கைப் போடுவோம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும்: 42 × 36 = 1512. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தை பிளேட்லெட்டால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரங்களில் எழுதுவது வழக்கம் என்பதால் உங்களுக்கு 240. 58இன் வர்க்கமூலம் 7.6 என்று வைத்தால் 240 × 7.6 = 1824. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.83 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1.3க்கும் 2.67க்கும் நடுவில் வந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி தேவைப்படும். அதற்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கில் வயது ஒரு பெருக்கல் எண்ணாக இருப்பதால் 35 வயதுக்குக் கீழே இதை நம்ப முடியாது, 65க்கு மேல் 1.3க்குப் பதில் 2 என்ற எல்லையை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வயதுக்கு இது பொருந்தும். ஆகவே இப்போதைக்கு இது நீங்களே சரிசெய்யக்கூடிய நிலையில்தான் இருக்கிறது.

இருந்தாலும் எஸ்ஜிபிடி 58 என்பது சற்று அதிகம். அதை முழுக்கக் கொழுப்பின் தலையில் கட்டிவிடுவதற்கு முன், ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாத்திரை எடுப்பதில்லை என்கிறீர்கள். மருந்துக் கணக்கில் யாரும் சேர்க்காத மூலிகைப் பொடி, ஜிம்மில் கொடுக்கும் டப்பா எதுவும் உள்ளே போகவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். உங்களை நேரில் சோதிக்காமல் எண்களை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். அந்த இரண்டையும் உங்கள் மருத்துவர்தான் முடித்துத் தர வேண்டும்.

இனி எண்ணெய்க்கும் பழச்சாற்றுக்கும் வருவோம். கல்லீரலில் சேரும் கொழுப்பு சாப்பாட்டில் இருக்கும் எண்ணெயிலிருந்து நேராக வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெயரைக் கேட்டால் அப்படித் தோன்றுவதும் இயல்புதான். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து, கல்லீரலில் இருக்கும் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்தார்கள். ஏறத்தாழ 60 சதவீதம் வயிறு, இடுப்பு போன்ற இடங்களில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. கால்வாசிக்குச் சற்று அதிகம், சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே புதிதாகத் தயாரித்துக்கொண்டது. நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். ஆய்வில் இருந்தவர்கள் மிகச் சிலரே, எனவே இந்த எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த வேண்டாம். ஆனால் பெரிய பங்கு, நடுப்பங்கு, சிறு பங்கு என்ற வரிசை பிறகு நாம் அறிந்த எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறது. எங்கே கைவைக்க வேண்டும் என்பதையும் அந்த வரிசையே சொல்லிவிடுகிறது: முதலில் உடம்பில் தேங்கிய கொழுப்பு, அதாவது எடையும் இடுப்புச் சுற்றளவும். அடுத்து சர்க்கரை. எண்ணெய் அதற்குப் பிறகுதான்.

பழச்சாறு நடுப்பங்கில் வருகிறது. 400 மில்லி ஆரஞ்சுச் சாறு என்றால் அதில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கும். அதே அளவு குளிர்பானத்தில் இருப்பதைவிட இது கொஞ்சம்தான் குறைவு. அந்தச் சர்க்கரையில் பாதியளவு ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்குபோட்டு எரிக்கிறது. ஃப்ரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போய்ச் சேருகிறது. அங்கே குளுக்கோஸை "போதும்" என்று நிறுத்திவைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் படி உண்டு, ஃப்ரக்டோஸ் அந்தப் படியைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடுகிறது. மிஞ்சியது கொழுப்பாகிறது. அதே பழங்களைக் கடித்துச் சாப்பிட்டால் நான்கைந்து ஆரஞ்சை ஒரே மூச்சில் உங்களால் தின்ன முடியாது, நார்ச்சத்து சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். அதனால் முழுப் பழத்துக்கு நான் தடை போடுவதில்லை. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் சாறு சாறுதான். தேன் கலந்த பானமும் இதே கணக்கில்தான் வரும்.

இதற்கு நல்ல சான்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு. ஃபேட்டி லிவர் இருந்த பதின்வயதுப் பையன்களில் ஒரு பிரிவினருக்கு 8 வாரம், சேர்க்கப்பட்ட சர்க்கரையும் பழச்சாறும் ஏறக்குறைய இல்லாத சாப்பாட்டை வீட்டுக்கே தயாரித்துக் கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்ட பிரிவில் 21இலிருந்து 20க்குத்தான் வந்தது. சர்க்கரையைக் குறைத்த பையன்களின் எடையும் லேசாகக் குறைந்தது என்பதால், பலன் முழுதும் சர்க்கரையை நிறுத்தியதால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கும் அதே அளவு இறங்குமா என்பதும் வேறு கேள்வி. ஆனாலும் சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று ஒருவர் என்னிடம் சொன்னால், குடிக்கும் சர்க்கரையை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். மற்ற உணவைக் குறைத்தால் பசிக்கும். இதை நிறுத்தினால் அந்த அளவுக்குப் பசி தெரியாது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவன் ஆவேன். எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எந்தக் கொழுப்பு என்பது முக்கியம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எடை அதிகமுள்ள சிலருக்கு 3 வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கூடுதல், வெண்ணெய், சீஸ் போன்ற நிறைவுற்ற கொழுப்பாக இருந்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் ஏறியது. சர்க்கரையாக இருந்தவர்களுக்கு 33. கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் போன்ற நிறைவுறாத கொழுப்பாக இருந்தவர்களுக்கு 15. இது வேண்டுமென்றே அதிகம் கொடுத்துச் செய்த சோதனை, அளவோடு சாப்பிடும்போது வித்தியாசம் இவ்வளவு இருக்காது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: சமையலுக்குத் திரவ நிலையில் இருக்கும் தாவர எண்ணெயை அளந்து பயன்படுத்துங்கள், வெண்ணெயையும் கொழுப்புமிக்க இறைச்சியையும் குறையுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, கையை விட்டு ஊற்றக் கூடாது என்பதற்கு அது போதுமான காரணம். எண்ணெயே இல்லாமல் சமைத்து, அதில் ருசியில்லாமல் போய், அந்த இடத்தை மாவுப் பண்டங்களால் நிரப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய எடையும் இறங்கவில்லை, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடும் ஏறியிருந்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கனமான சான்று இருப்பது எடைக்குத்தான். உங்கள் 84 கிலோவுக்குக் கணக்குப் போட்டால், 5 சதவீதம் என்பது 4 கிலோவுக்குச் சற்று அதிகம். 80க்கு வந்தாலே கொழுப்பு கண்கூடாகக் குறையத் தொடங்கும். 7 சதவீதம் குறைந்து 78க்கு வந்தால் பெரும்பாலானோருக்கு அழற்சியும் அடங்குகிறது. 10 சதவீதம், அதாவது 76க்குக் கீழே போனால், தழும்பு இருந்தவர்களில்கூடக் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது பின்வாங்கியதை ஓராண்டு இடைவெளியில் எடுத்த திசுச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அதே ஆய்வில் பத்துப் பேரில் ஒருவர்தான் அந்த 10 சதவீதத்தை எட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தழும்பு இருப்பதற்கான அறிகுறி இல்லாததால் 78 என்ற இலக்கே போதும். அதற்குக் கீழே போவது கூடுதல் லாபம்.

வேகத்தில் கவனம் வேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் ஆரம்பத்தில் வாரம் அரைக் கிலோ இறங்கும், போகப்போக வேகம் குறையும். 78ஐத் தொட நான்கு முதல் ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 500ஐ எங்கிருந்து எடுப்பது? சாற்றில் 160 போகிறது. ஆனால் அதற்குப் பதிலாகப் புரதம் உள்ள ஒரு காலைச் சாப்பாடு வர வேண்டும், முட்டையோ பருப்பு வகையோ தயிரோ. இல்லாவிட்டால் பதினொரு மணிக்கு உங்கள் கை பிஸ்கட் டப்பாவைத் தேடும். மதியமும் இரவும் தட்டில் இருக்கும் தானிய உணவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் காய்கறியை வையுங்கள். மீதிக் கலோரி பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்கும் பட்டினி முறைகள் வேண்டாம். பித்தப்பையில் கல் உருவாக அது வழி, சிலருக்குக் கல்லீரல் அழற்சியும் கூடியிருக்கிறது.

இடைவெளி விட்டு உண்ணாதிருப்பது, மாவுச்சத்தை அறவே நிறுத்துவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாவுச்சத்தை வெட்டினால் முதல் இரண்டு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு சற்று வேகமாக இறங்குகிறது. மாதங்கள் போனபின், அதே அளவு எடை குறைத்த மற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் காணவில்லை. உண்ணாதிருக்கும் முறையும் அப்படித்தான், மொத்தக் கலோரி குறைந்தால்தான் பலன். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுவது உங்களுக்கு எளிதாக இருந்தால் செய்யுங்கள். அதில் தனி மந்திரம் எதுவும் இல்லை.

உடற்பயிற்சியை வெறும் கலோரிக் கணக்காகப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்கள் எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 150 கலோரி அளவுதான் செலவாகும். ஆனால் எடை இறங்காமலே உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது, இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். ஏற்கெனவே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, சிலருக்கு அதற்கு மேலும் குறைகிறது. காரணம் தசையில் இருக்கிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத தசை அதை வாங்குவதில்லை, அது கல்லீரலுக்குத் திரும்பிப் போய்க் கொழுப்பாகிறது. நடந்து களைத்த தசை தன் சேமிப்பைச் செலவழித்துவிட்டதால் மறுபடி வாங்கத் தயாராக இருக்கும். ஒரே ஒருமுறை 45 நிமிடம் பயிற்சி செய்தவர்களுக்கு, அதன் பின் சாப்பிட்ட உணவிலிருந்து கல்லீரல் தயாரித்த கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்ததை அளந்திருக்கிறார்கள்.

வாரம் 150 நிமிடம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் அளவு. ஐந்து நாள், அரை மணி நேரம். வேகம் போதுமா என்று பார்க்க ஒரு வழி: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் அது உலாவுவது. ஜிம்முக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நடப்பதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேர்ந்தால் நல்லது: நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால், ரப்பர் பட்டையை இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் சரியான அளவு. எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரைவதை இது தடுக்கும். முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களுக்கு இதுமட்டுமே போதுமான அளவு கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. ஆனால் உடற்பயிற்சி மட்டும் தனியாகத் தழும்பைக் குறைக்குமா என்பதற்குச் சான்று மிக மெலிது. நிறுத்தினால் சில மாதங்களில் பலனும் கரைந்துவிடுகிறது.

காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இவை மக்களைக் கவனித்துச் சொன்னவை, சோதித்து நிரூபித்தவை அல்ல. ஏற்கெனவே குடிப்பவர் என்றால் சர்க்கரையில்லாமல் தொடருங்கள், மருந்தாக நினைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டாம். மது இப்போது இல்லை என்பது நல்லது, "எப்போதாவது கொஞ்சம்" என்றும் ஆரம்பிக்க வேண்டாம். "லிவர் டீடாக்ஸ்" என்று விற்பவற்றைத் தொடாதீர்கள். பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை போன்றவற்றால் நல்ல கல்லீரலே மஞ்சள் காமாலைக்கு ஆளான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வைட்டமின் ஈ, 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம், 2025இல் இதற்கும் அனுமதி பெற்ற செமாக்ளூடைட் எல்லாம் அழற்சியோ தழும்போ உறுதியானவர்களுக்கு. உங்கள் எண்களுக்கு அவை தேவையில்லை.

பலன் தெரிகிறதா என்று பார்க்க அடுத்த மாதமே ஸ்கேன் எடுக்காதீர்கள். கல்லீரலில் கொழுப்பு 20 சதவீத அளவைத் தாண்டினால்தான் சாதாரண ஸ்கேன் அதைத் தெளிவாகக் காட்டும், நடுவில் நிகழும் நல்ல மாற்றத்தை அது கோட்டைவிடும். வாரம் ஒருமுறை எடை, மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதம் கழித்து எஸ்ஜிபிடி. அது 17 அலகோ அதற்கு மேலோ இறங்கி 41க்கோ அதற்குக் கீழேயோ வந்தால் உள்ளே அழற்சி அடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் ஓராண்டுக்குப் பிறகு போதும், ஃபிப்-4 கணக்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள். 6 கிலோ குறைந்தும் ஆறு மாதத்தில் எஸ்ஜிபிடி அசையாமல் நின்றால், கொழுப்பு அல்லாத வேறு காரணத்தைத் தேட வேண்டும்: தன்னெதிர்ப்பு அழற்சி, இரும்புச் சேர்க்கை, தைராய்டு போன்றவை. அந்தக் கட்டத்தில் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள்.

அதே ரத்தப் பரிசோதனையோடு கொலஸ்ட்ராலையும் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரை அதிகமாகப் பறிப்பது கல்லீரல் நோயல்ல, மாரடைப்பும் பக்கவாதமும். கொலஸ்ட்ராலுக்காக ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்பட்டால், லிவர் ரிப்போர்ட்டைக் காட்டி "இது ஒத்துக்கொள்ளுமா" என்று தயங்குபவர்கள் ஏராளம். ஒத்துக்கொள்ளும். உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம், எஸ்ஜிபிடி 58 அதற்குத் தடையல்ல.